மூன்று வருட கார்தான் லாபமா? ஆன்-ரோடு விலையிலிருந்து ஒரு கணக்கு

"புதுசு வாங்காதீங்க, ரெண்டு மூணு வருஷம் ஓடின வண்டியா பாருங்க. நஷ்டத்தை முதல் ஓனர் ஏத்துக்குவார், நமக்கு வண்டி புதுசு மாதிரியே கிடைக்கும்." கார் வாங்க நினைக்கும் எவருக்கும் இந்த அறிவுரை எங்கிருந்தாவது வந்து சேர்ந்துவிடும். இதில் உண்மை இருக்கிறது. ஆனால் 2025 செப்டம்பர் 22-இல் சின்ன கார்களின் ஜிஎஸ்டி குறைந்ததிலிருந்து, பழைய வண்டி பார்க்கப் போகிறவர்கள் குழம்பிப்போகிறார்கள். விற்பவர் கேட்கும் விலைக்கும் ஷோரூமில் சொல்லும் விலைக்கும் நடுவில் எதிர்பார்த்த அளவு இடைவெளி இல்லை. அப்படியானால் அந்த அறிவுரை இன்னும் செல்லுமா?

தமிழ்நாட்டுப் பதிவுள்ள ஒரு பெட்ரோல் ஹேட்ச்பேக்கை வைத்து இதைப் படிப்படியாகப் பார்ப்போம். நீளம் 4 மீட்டருக்குள், எஞ்சின் 1200 சிசிக்குள். நம் ஊரில் முதல் கார் வாங்கும் பெரும்பாலான குடும்பங்கள் பார்ப்பது இந்த வகையைத்தான்.

## விலை இறங்குவது எங்கே?

புது கார் வாங்கும்போது நாம் கொடுப்பது ஆன்-ரோடு விலை. இதில் மூன்று பாகங்கள் உண்டு.

1. எக்ஸ்-ஷோரூம் விலை. வண்டியின் விலையும் ஜிஎஸ்டியும் சேர்ந்தது.
2. ஆயுள் வரி. மாநில அரசு ஒரே தடவையாக வாங்கிக்கொள்ளும் சாலை வரி. தமிழ்நாட்டில் 2023 நவம்பர் வரை 10 லட்சத்துக்குள் இருக்கும் காருக்கு 10 சதவீதம், அதற்கு மேல் 15 சதவீதம். அப்புறம் இது உயர்ந்தது. இப்போது 5 லட்சம் வரை 12, 5 முதல் 10 லட்சம் வரை 13, 10 முதல் 20 லட்சம் வரை 18, அதற்கு மேல் 20 சதவீதம்.
3. இன்சூரன்ஸும் பதிவுச் செலவும். 2018 செப்டம்பர் முதல் புது காருக்கு மூன்றாம் நபர் காப்பீட்டை மூன்று ஆண்டுகளுக்குச் சேர்த்தே எடுக்க வேண்டும்.

இந்த இரண்டாவது, மூன்றாவது பாகங்களைத் திரும்ப விற்கும்போது யாரும் தனியாகக் கணக்குப் பார்த்துக் கொடுப்பதில்லை. வண்டி ஷோரூம் வாசலைத் தாண்டியதும் விலை சரிந்துவிடுகிறது என்று சொல்கிறோமே, அதில் பெரும் பங்கு இரும்பின் தேய்மானம் அல்ல, ஏற்கெனவே கட்டி முடித்த வரியும் பிரீமியமும்தான். 7 லட்ச ரூபாய் காரில் அது மட்டும் ஒன்றேகால் லட்சத்தைத் தாண்டுகிறது.

மீதி சரிவுக்குக் காரணம் சந்தேகம். ஆறு மாதத்தில் ஒருவர் காரை விற்கிறார் என்றால் "வண்டியில் ஏதோ இருக்கிறது" என்றுதான் வாங்குபவர் நினைப்பார். வண்டியைப் பற்றி விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாது. அந்தத் தெரியாமைக்கு ஒரு விலை போட்டு அவர் குறைத்துக் கேட்கிறார். நல்ல வண்டிக்கும் இந்தத் தண்டனை உண்டு.

முதல் ஆண்டுக்குப் பிறகு என்ன ஆகிறது? காப்பீட்டு நிறுவனங்கள் வண்டியின் மதிப்பைக் கணக்கிட வைத்திருக்கும் பட்டியல் இதைக் காட்டிக்கொடுக்கிறது. இந்த மதிப்புக்கு ஐடிவி என்று பெயர். வண்டி முழுசாகப் போனால் கம்பெனி கொடுக்கும் தொகை இதுதான். வண்டிக்கு ஆறு மாதத்துக்குள் 5 சதவீதக் கழிவு, ஓராண்டு வரை 15, இரண்டு வரை 20, மூன்று வரை 30, நான்கு வரை 40, ஐந்து வரை 50 என்று அந்தப் பட்டியல் போகிறது. முதல் ஆண்டைத் தள்ளிவிட்டுப் பாருங்கள், இரண்டாம் ஆண்டுக்குப் பிறகு ஆண்டுக்குப் பத்துப் பத்தாகச் சீராக இறங்குகிறது. மூன்றாம் ஆண்டு முடிந்ததும் சரிவு நின்று சமதளம் வந்துவிடும் என்பதற்கு இதில் ஆதாரம் இல்லை. சந்தை விலை இந்தப் பட்டியலை அப்படியே பின்பற்றாது. நன்றாக விலைபோகும் மாடல்கள் இதைவிட மெதுவாகவே இறங்கும். ஆனாலும் சங்கதி ஒன்றுதான்: செங்குத்தான சரிவு முதல் ஆண்டில் இருக்கிறது, மூன்றாம் ஆண்டில் இல்லை.

## இந்த அறிவுரை பிறந்த இடம் வேறு

அமெரிக்காவில் புது கார் எடுக்கிறவர்களில் கணிசமானவர்கள் அதை வாங்குவதில்லை, குத்தகைக்கு எடுக்கிறார்கள். குத்தகைக் காலம் பெரும்பாலும் 36 மாதம். அது முடிந்ததும் வண்டி கம்பெனிக்குத் திரும்புகிறது. ஒப்பந்தப்படி ஓட்டிய கிலோமீட்டருக்கும் சர்வீஸுக்கும் கணக்கு இருக்கும். இப்படி மூன்று வயது வண்டிகள் ஆண்டுதோறும் கூட்டமாக ஏலத்துக்கு வருவதால் விலை தானாக அடங்குகிறது. வண்டியை விற்பதற்குக் காரணம் அதன் குறை அல்ல, தேதி முடிந்ததுதான் என்பதால் சந்தேகத்துக்கான கழிவும் குறைவு. "இரண்டு மூன்று வருட வண்டி வாங்கு" என்ற விதி அந்தச் சந்தைக்கு நன்றாகப் பொருந்துகிறது.

அங்கேயே அது ஒருமுறை உடைந்தும் போனது. 2021-இல் சிப் தட்டுப்பாட்டால் புது வண்டிகள் கிடைக்காமல் போனபோது, 2022 ஜனவரி வரையிலான ஓராண்டில் பழைய கார்களின் விலை சுமார் 40 சதவீதம் ஏறியது. கிட்டத்தட்டப் புது வண்டி விலையிலேயே பழைய வண்டி விற்ற மாதங்கள் உண்டு. ஆக, விதி நிற்பது வண்டியின் வயதில் அல்ல, அன்றைய தேதியில் புது வண்டிக்கும் பழைய வண்டிக்கும் இருக்கும் விலை இடைவெளியில்.

நம் ஊரில் குடும்பக் காரைக் குத்தகைக்கு எடுக்கும் வழக்கம் மிகக் குறைவு. வாங்கியவர் ஐந்து, ஏழு, பத்து வருடம் வைத்திருப்பார். அதனால் மூன்று வயதில் சந்தைக்கு வரும் நல்ல வண்டி கொஞ்சம்தான், கேட்பவர்கள் அதிகம். இப்படிப்பட்ட சந்தையில் விலை சுலபமாக இறங்காது.

## ஒரு வண்டி, இரண்டு விலை

இப்போது கணக்குக்கு வருவோம். கீழே உள்ள தொகைகள் ஒரு எடுத்துக்காட்டுக்காக நான் எடுத்துக்கொண்டவை. உங்கள் வண்டிக்கு உங்கள் தொகையைப் போட்டுக்கொள்ளலாம், கணக்குப் போடும் முறை மாறாது.

புது ஹேட்ச்பேக்கின் எக்ஸ்-ஷோரூம் விலை 7,00,000. ஆயுள் வரி 13 சதவீதம், அதாவது 91,000. இன்சூரன்ஸ், பதிவு எல்லாம் சேர்த்து 39,000. ஆன்-ரோடு 8,30,000 வருகிறது. டீலர் 30,000 தள்ளுபடி தருகிறார். கையை விட்டுப் போவது 8,00,000.

அதே மாடலில் மூன்று வருடம் முடிந்த, 35,000 கிலோமீட்டர் ஓடிய வண்டி 5,40,000-க்குக் கிடைக்கிறது. பேர் மாற்றுவதற்கு ஆகும் செலவு 6,000. மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு முடிந்துவிட்டதால் புது இன்சூரன்ஸ் 20,000. நான்கு டயர் 22,000, பேட்டரி 6,000, ஒரு முழு சர்வீஸ் 8,000. மொத்தம் 6,02,000. வண்டியைப் பார்க்கும்போது பலரும் 5,40,000-ஐ மட்டுமே மனதில் வைத்திருப்பார்கள். மேலே வரும் 62,000 அடுத்த இரண்டு மாதத்தில் ஒவ்வொன்றாகக் கையைக் கடிக்கும்.

இரண்டையும் ஐந்து வருடம் வைத்திருந்து விற்பதாகக் கொள்வோம். புது வண்டி ஐந்து வயதில் 4,00,000 போகிறது. பழைய வண்டி எட்டு வயதில் 2,90,000 போகிறது.

1. விலை இழப்பு. புதுசில் 4,00,000. பழையதில் 3,12,000.
2. வட்டி. இரண்டுக்கும் கைப்பணம் 3,00,000 போடுகிறோம், மீதி ஐந்தாண்டுக் கடன். பழைய காருக்கான கடன் வட்டி புது காரைவிடப் பொதுவாகக் கூடுதல். புதுசுக்கு 9, பழையதுக்கு 13 சதவீதம் என்று வைத்தால், புதுசின் 5,00,000 கடனுக்கு வட்டி சுமார் 1,23,000. பழையதின் 3,02,000 கடனுக்கு வட்டி சுமார் 1,10,000. இரண்டு லட்சம் குறைவாகக் கடன் வாங்கியும் வட்டியில் மிச்சம் வெறும் 13,000.
3. கூடுதல் பழுது. நான்கு முதல் எட்டு வயதுக்குள் கிளட்ச், சஸ்பென்ஷன் புஷ், ஏசி என்று ஏதாவது வரும். புது வண்டிக்கும் நாலைந்து வருடத்தில் டயர் மாற்ற வேண்டும். அதைக் கழித்துவிட்டு, பழைய வண்டிக்கு மட்டும் கூடுதலாக 45,000 வைக்கிறேன்.

கூட்டினால் ஐந்தாண்டுக்குப் புது வண்டி 5,23,000, பழைய வண்டி 4,67,000. வித்தியாசம் 56,000. ஆண்டுக்கு 11,000 ரூபாய், மாதத்துக்கு ஆயிரத்துக்குச் சற்றுக் குறைவு.

ஆக, பழைய வண்டியில் லாபம் இருக்கிறது. ஆனால் விலைப் பலகையில் தெரியும் இரண்டரை லட்ச இடைவெளி கடைசியில் அரை லட்சமாகச் சுருங்கிவிடுகிறது.

## எந்த விலைக்கு மேல் போகக் கூடாது?

இதே கணக்கில் பழைய வண்டியின் விலையை மட்டும் ஏற்றிப் பார்த்தால், 5,80,000 வரும்போது இரண்டு பக்கமும் சமமாகிறது. அதாவது, தள்ளுபடி போக இன்றைக்குப் புது வண்டிக்குக் கொடுக்க வேண்டிய 8,00,000-இல் கிட்டத்தட்ட 72 சதவீதம். அதற்கு மேல் கேட்டால், கடன் வாங்கி வாங்குகிறவருக்குப் புது வண்டியே மேல். கடன் இல்லாமல் மொத்தப் பணத்தையும் கையிலிருந்து போடுகிறவருக்கு இந்த வரம்பு கொஞ்சம் கூடும்.

இதில் "இன்றைக்கு" என்ற சொல்தான் முக்கியம். 2025 செப்டம்பரில் நடந்தது என்ன என்று பாருங்கள். இந்த வகைக் கார்களுக்கு 28 சதவீத ஜிஎஸ்டியும் 1 சதவீத செஸ்ஸும் இருந்தன. அது 18 சதவீதமாகக் குறைந்தது. 129 ரூபாய் வண்டி 118 ரூபாய் ஆனது போல, எட்டரை சதவீதம் இறக்கம். 2023 தொடக்கத்தில் அதே வண்டி வாங்கியவர் எக்ஸ்-ஷோரூம் 7,60,000-மும் வரி, இன்சூரன்ஸ் எல்லாம் சேர்த்து 8,75,000-மும் கொடுத்திருப்பார்.

அவர் இப்போது விற்க வருகிறார். "எட்டே முக்கால் போட்டேன் சார், மூணு வருஷம்தான் ஆச்சு. ஆறு லட்சம் கொடுங்க" என்கிறார். 8,75,000-இலிருந்து 6,00,000 என்றால் 31 சதவீத இறக்கம். விதிப்படி சரியான விலை போலத்தான் தெரிகிறது. அவரும் ஏமாற்றவில்லை, உண்மையைத்தான் சொல்கிறார். ஆனால் வாங்குபவருக்கு எதிரே இருக்கும் மாற்று அவருடைய பழைய பில் அல்ல, இன்றைய ஷோரூம். 8,00,000-க்கு எதிரே 6,00,000 என்றால் 75 சதவீதம், சமநிலை தாண்டிவிட்டது. அந்த எட்டரை சதவீத இறக்கத்தின் நஷ்டத்தை யார் ஏற்பது என்பதுதான் இப்போது பழைய கார் பேரத்தில் மறைந்திருக்கும் கேள்வி. வாங்கப் போகும் முன் அதே மாடல், அதே வேரியன்ட்டுக்கு இரண்டு டீலரிடம் எழுத்தில் கொட்டேஷன் வாங்கி வைத்துக்கொண்டால் பேச்சு தெளிவாக இருக்கும். காப்பீட்டு நிறுவனமும் ஐடிவியைக் கழிப்பது இன்றைய பட்டியல் விலையிலிருந்துதான், விற்பவரின் பில்லிலிருந்து அல்ல.

கார் எவ்வளவு நாள் வைத்திருக்கப் போகிறோம் என்பதும் பதிலை மாற்றும். பன்னிரண்டு வயது வரை ஓட்டி 1,50,000-க்கு விற்பதாக வைத்தால், புது வண்டி ஆண்டுக்கு 54,000 இழக்கிறது, மூன்று வயதில் வாங்கியது ஆண்டுக்கு 50,000. வட்டியையும் பழுதையும் சேர்க்காமலேயே இவ்வளவுதான் வித்தியாசம். வண்டியைக் கடைசிவரை வைத்திருக்கும் குடும்பம், முதல் மூன்று ஆண்டுகளின் தொல்லையில்லாத ஓட்டத்துக்காகப் புதுசு வாங்கினால் அதை வீண்செலவு என்று சொல்ல முடியாது.

எதிர்ப்பக்கமும் உண்டு. என் எடுத்துக்காட்டில் ஐந்து வயதில் 4,00,000 இருக்கும் வண்டி எட்டு வயதில் 2,90,000. ஆண்டுக்கு 37,000 மட்டுமே இறக்கம். தேய்மானத்தை மட்டும் பார்த்தால் மூன்று வயதைவிட ஐந்து வயதே மலிவு. நம்பகமான மெக்கானிக் பக்கத்தில் இருந்து, வண்டி குறைவாக ஓடுமானால், எனக்கு அது இன்னும் நியாயமான தேர்வாகவே படுகிறது.

விலை உயர்ந்த வண்டியில் நிலைமை வேறு. 60 லட்சம் எக்ஸ்-ஷோரூம் காருக்கு ஆயுள் வரி மட்டும் 12 லட்சம். அதை முதல் ஓனர் கட்டிவிட்டார். அதே ஆர்டிஓ எல்லையிலோ தமிழ்நாட்டுக்குள் வேறு எங்கோ பேர் மாற்றினால் அதைத் திரும்பக் கட்ட வேண்டியதில்லை. இங்கே மூன்று வயது விதி முழு பலத்தோடு வேலை செய்கிறது, உதிரிப் பாக விலையைத் தாங்க முடிந்தால். ஆனால் வேறு மாநிலப் பதிவு வண்டி என்றால் இந்த லாபம் கரைந்துவிடும். தடையில்லாச் சான்று வாங்கி, இங்கே மறுபதிவு செய்து, வயதுக்கு ஏற்ற ஆயுள் வரியைத் தமிழ்நாட்டுக்குக் கட்ட வேண்டும். பக்கத்து மாநிலத்திலோ புதுச்சேரியிலோ வண்டி மலிவாகத் தெரிவதற்குப் பல நேரம் இதுதான் காரணம்.

## மூன்று வயதில் ஏன் விற்கிறார்கள்?

குத்தகை முடிந்த வண்டி இல்லை என்பதால், நம் ஊரில் ஒவ்வொரு மூன்று வயது காருக்கும் பின்னால் ஒரு தனிக் காரணம் இருக்கிறது. குழந்தை பிறந்து பெரிய வண்டிக்கு மாறுகிறவர், வெளிநாடு போகிறவர், தவணை கட்ட முடியாதவர்: இவர்களின் வண்டிகள்தான் நாம் தேடுவது. டாக்ஸியாக டி போர்டில் ஓடி, ஓன் போர்டுக்கு மாற்றிய வண்டியும் இதே கூட்டத்தில் நிற்கும். அப்புறம், தண்ணீரில் மூழ்கியது.

இந்தக் கடைசி வகைக்கு இப்போது தனிக் கவனம் தேவை. 2023 டிசம்பர் 3, 4 தேதிகளில் மிக்ஜாம் புயல் மழையில் சென்னையின் பல பகுதிகளில் நிறுத்தியிருந்த கார்கள் தண்ணீருக்குள் நின்றன. 2023 தொடக்கத்தில் பதிவான வண்டிக்கு அப்போது வயது ஒன்றுகூட ஆகவில்லை. இன்று அது "மூன்று வயது, முதல் ஓனர்" வண்டியாக வருகிறது. மூழ்கிய வண்டியைக் கழுவிக் காயவைத்து ஓடவிட முடியும். ஆனால் ஒயரிங் கனெக்டர்களிலும் கட்டுப்பாட்டுப் பெட்டிகளிலும் பிடிக்கும் பச்சை அரிப்பு மெதுவாக வேலை செய்யும். ஒரு நாள் பவர் ஸ்டியரிங் விளக்கு எரியும், இன்னொரு நாள் ஏர்பேக் விளக்கு. எந்த மெக்கானிக்காலும் முழுசாகத் தீர்க்க முடியாத நோய் அது.

கண்டுபிடிக்க வழிகள் இருக்கின்றன.

1. சீட் பெல்ட்டைக் கடைசிவரை இழுங்கள். தினமும் போடும்போது பெல்ட் பாதிதான் வெளியே வருகிறது. ரோலருக்குள் சுருண்டிருக்கும் கடைசி ஒரு முழத்தில் மண் கறையோ அலை போன்ற கோடோ இருந்தால், அந்த உயரம் வரை தண்ணீர் ஏறியிருக்கிறது. உட்புறத்தை ஷாம்பு போட்டுக் கழுவுகிறவர்கள் இதை மறந்துவிடுவார்கள். பெல்ட்டைப் புதிதாக மாற்றியிருந்தாலும் தெரிந்துவிடும்: அதில் தைத்திருக்கும் துணிச் சீட்டில் தயாரிப்புத் தேதி இருக்கும். வண்டியின் தேதிக்குப் பிந்தையதாக இருந்தால் ஏன் என்று கேளுங்கள்.
2. முன் சீட்டை முழுசாகப் பின்னால் தள்ளி, தண்டவாளத்தின் போல்ட்டுகளைப் பாருங்கள். மூன்று வருட வண்டியில் அங்கே துரு இருந்தால் சந்தேகப்பட வேண்டும். ஸ்டெப்னி வைக்கும் குழியின் அடியிலும் கையை விட்டுப் பாருங்கள்.
3. இன்சூரன்ஸ் பாலிசியில் என்சிபி எவ்வளவு என்று பாருங்கள். க்ளெய்ம் எடுக்காத ஓனருக்குக் கிடைக்கும் கழிவு இது. முதல் ஆண்டு முடிந்ததும் 20 சதவீதம், இரண்டாம் ஆண்டு முடிந்ததும் 25, மூன்றாம் ஆண்டு முடிந்ததும் 35. இரண்டாம் அல்லது மூன்றாம் ஆண்டு பாலிசியில் சுழியம் என்று இருந்தால் அதற்கு முந்தைய ஆண்டில் பெரும்பாலும் க்ளெய்ம் எடுத்திருப்பார். பம்பர் உரசலுக்கும் சுழியமாகும், அதனால் உடனே குற்றம் சாட்ட வேண்டாம். எதற்கான க்ளெய்ம் என்று கேட்டு, பணிமனை பில்லைப் பாருங்கள். 2023 டிசம்பரை ஒட்டிய க்ளெய்ம் என்றால் அந்த வண்டியை விட்டுவிடலாம். ஒன்று: பழைய காரின் என்சிபியைப் புது காருக்குக் கொண்டுவந்தவருக்கு 50 சதவீதம்கூட இருக்கலாம். என்சிபி பாதுகாப்பு எடுத்திருந்தால் க்ளெய்முக்குப் பிறகும் கழிவு அப்படியே நிற்கும். நல்ல எண்ணிக்கை முழு உத்தரவாதம் இல்லை, கெட்ட எண்ணிக்கை நிச்சயம் ஒரு கேள்வி.

கிலோமீட்டர் குறைத்துக் காட்டியிருப்பதைக் கண்டுபிடிக்க, கம்பெனி சர்வீஸ் சென்டரில் ஓனரை வைத்தே சர்வீஸ் வரலாற்றைக் கேட்பது நல்லது. ஒவ்வொரு வருகைக்கும் தேதியும் கிலோமீட்டரும் பதிவாகியிருக்கும். டயரின் பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு. 4522 என்றால் 2022-ஆம் ஆண்டின் 45-ஆவது வாரம் தயாரித்தது. மீட்டரில் 28,000 காட்டும் 2023 வண்டியில் நான்கு டயரும் 2025 தேதியில் இருந்தால், முதல் செட் எங்கே போனது என்று கேட்க வேண்டும். டி போர்டில் ஓடியதா என்பது ஆர்சி வரலாற்றில் தெரியும்.

## இரண்டேகாலா, மூன்றேகாலா?

"இரண்டு மூன்று வருடம்" என்று சேர்த்துச் சொல்கிறோம். ஆனால் அந்த இடைவெளிக்குள் இரண்டு கெடுக்கள் விழுகின்றன. ஒன்று, மூன்றாண்டு மூன்றாம் நபர் காப்பீடு. இரண்டேகால் வயது வண்டியில் அது இன்னும் ஒன்பது மாதம் ஓடும், மூன்றேகாலில் முடிந்திருக்கும். மற்றொன்று வாரன்ட்டி. ஹூண்டாய் போன்ற கம்பெனிகள் மூன்றாண்டு தருகின்றன. மாருதி சுஸுகி 2024 ஜூலையில்தான் இரண்டாண்டு அல்லது 40,000 கிலோமீட்டர் என்பதை மூன்றாண்டு அல்லது 1,00,000 கிலோமீட்டராக உயர்த்தியது. 2023-இல் வாங்கிய மாருதிக்குப் பழைய இரண்டாண்டு கணக்குதான், முதல் ஓனர் நீட்டிப்பு வாங்கியிருந்தால் தவிர. பொதுவாக இந்த நீட்டிப்பை அசல் வாரன்ட்டி முடிவதற்குள் வாங்க வேண்டும். ஆகவே வாரன்ட்டி முடியச் சில மாதங்கள் இருக்கும்போது வண்டி வாங்கினால், அதற்குள் நீட்டித்துக்கொள்ளும் வாய்ப்பு கைக்கு வருகிறது. மேலே நான் பழுதுக்கு வைத்த 45,000-ஐ அது கணிசமாகக் குறைக்கும். இரண்டரை முதல் மூன்றுக்குள் இருக்கும் வண்டிக்குப் பதினைந்தாயிரம் கூடக் கொடுத்தாலும் தகும் என்று நான் நினைப்பது இதனால்தான்.

வயதைக் கணக்கிடும்போது ஆர்சியில் பதிவுத் தேதியோடு தயாரிப்பு மாதத்தையும் பாருங்கள். 2022 நவம்பரில் தயாராகி 2023 பிப்ரவரியில் பதிவான வண்டி, நீங்கள் திரும்ப விற்கப் போகும்போது 2022 மாடல் என்றுதான் பேசப்படும்.

## இந்த வயதுக்கே உரிய சிக்கல்: முடியாத கடன்

பத்து வயது காரில் வராத ஒரு தொல்லை மூன்று வயது காரில் வரும். நம் ஊரில் கார் கடன் ஐந்து முதல் ஏழு ஆண்டு. ஆகவே மூன்று வயதில் விற்கும் வண்டியில் பெரும்பாலும் விற்பவரின் கடன் பாக்கி நிற்கும். ஆர்சியில் ஹைப்போதிகேஷன் என்று வங்கியின் பெயர் இருக்கும். அதை நீக்காமலோ வங்கி எழுத்தில் சம்மதிக்காமலோ பேர் மாற்றம் நடக்காது.

5,40,000-க்குப் பேசிய வண்டியில் 2,70,000 கடன் பாக்கி என்று வைத்துக்கொள்வோம். செய்ய வேண்டிய வரிசை இது.

1. விற்பவர் வங்கியிலிருந்து, கடனை முடிக்க அன்றைய தேதிக்கு எவ்வளவு என்ற கடிதத்தை வாங்கித் தர வேண்டும். முன்கூட்டி அடைப்பதற்கான கட்டணமும் அதில் இருக்கலாம், அதை யார் ஏற்பது என்று முதலிலேயே பேசிவிடுங்கள்.
2. அந்தத் தொகையை விற்பவர் கையில் கொடுக்காமல் கடன் கணக்கிலேயே நேராகச் செலுத்துங்கள். ரசீதும் விற்பனை ஒப்பந்தமும் அன்றே கையில் இருக்க வேண்டும்.
3. வங்கி கொடுக்கும் தடையில்லாச் சான்றையும் கையெழுத்திட்ட படிவம் 35-ஐயும் வைத்து ஹைப்போதிகேஷனை நீக்க விண்ணப்பிக்க வேண்டும். சான்று வரச் சில வாரம் ஆகலாம்.
4. பேர் மாற்றத்துக்குப் படிவம் 29, 30. வண்டி கை மாறிய 14 நாளுக்குள் காப்பீட்டு நிறுவனத்துக்கும் தெரிவிக்க வேண்டும். மூன்றாம் நபர் காப்பீடு தானாகவே வாங்கியவருக்குத் தொடரும். சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி அப்படித் தொடராது. பெயரை மாற்றாமல் ஓட்டி மோதிவிட்டால் க்ளெய்ம் மறுக்கப்படும். விற்பவரின் என்சிபி அவரோடு போய்விடும், மீதிக் காலத்துக்கு அந்தக் கழிவுத் தொகையை நீங்கள் கட்ட வேண்டும்.

மீதி 2,70,000-இல் முழுசையும் வண்டிச் சாவியோடு கொடுத்துவிடாதீர்கள். நாற்பது, ஐம்பதாயிரத்தை நிறுத்திவைப்பதாக ஒப்பந்தத்திலேயே எழுதிக்கொள்ளுங்கள். அரசின் வாகனப் பதிவுத் தளமான வாகனில் அந்தப் பதிவு எண்ணைப் போட்டு, வங்கியின் பெயர் போயிருக்கிறதா, நிலுவை அபராதம் ஏதாவது நிற்கிறதா, உங்கள் பெயர் ஏறிவிட்டதா என்று மூன்றையும் பார்த்த பிறகு அந்தக் கடைசித் தொகையைக் கொடுத்தால் போதும்.